ஐம்பத்தைந்து விநாடி: தரக்கட்டுப்பாட்டுப் பயிற்சிப் பணிக்கான என் காணொளி சுயவிவரம்

பேசுபவர்: சுகன்யா, பி.டெக். டெக்ஸ்டைல் டெக்னாலஜி, 2025
கைப்பேசியில் படம் பிடிப்பவன்: தம்பி
யாருக்கு: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுக்கும் தரப்பிரிவு மேலாளருக்கும்
இடம்: அனுப்பர்பாளையம், எங்கள் வீட்டு முன்னறை
நேரம்: ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல்

தம்பி, ஞாயிறு என்று எழுதியிருப்பதற்குக் காரணம் உனக்கே தெரியும். மற்ற நாட்களில் பக்கத்துப் பாத்திரப் பட்டறையில் தட்டும் சத்தம் என் குரலை விழுங்கிவிடும். காலை பத்து மணிக்கு முன்னறை ஜன்னலில் நல்ல வெளிச்சம் இருக்கும். நான் ஜன்னலைப் பார்த்து உட்காருகிறேன், நீ ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நில். கைப்பேசியைப் படுக்கவாட்டில் பிடி. மின்விசிறியை நிறுத்திவிடு, வேர்த்தாலும் பரவாயில்லை, ஒரு நிமிட வேலைதானே.

காட்சி 1 (0 – 15 விநாடி)

முகம் வேண்டாம், கைகள் மட்டும். மேசைமேல் வெள்ளை டி-சர்ட், ஸ்கேல், கத்தரிக்கோல், நகை எடை போடும் சிறிய தராசு. சதுரத் துண்டை முன்கூட்டியே வெட்டி வைத்திருப்பேன். படத்தில் அதைத் தராசில் வைப்பது மட்டும் வந்தால் போதும். எண் நின்ற பிறகு இரண்டு விநாடி அசையாமல் பிடி.

*(பேச்சு)*
"இது 180 ஜிஎஸ்எம் துணி என்று சொல்லி விற்ற டி-சர்ட். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வெட்டி எடை போட்டேன். 1.62 கிராம். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 162 கிராம்."

வணக்கம் சொல்லித்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். பார்ப்பவர் ஒரு நாளில் எத்தனை வணக்கங்களைக் கேட்டிருப்பாரோ! தரப்பிரிவில் இருப்பவருக்கு 180 என்ற இடத்தில் 162 வந்தால் கை தானாக நிற்கும். ஐந்து சதவீதம் கூடக் குறைய இருந்தால் பொதுவாக விட்டுவிடுவார்கள். இதில் பத்து சதவீதம் குறைகிறது.

டி-சர்ட் காதர்பேட்டையில் வாங்கியது. கழுத்துப் பட்டையில் உள்ள லேபிள் எந்தக் காரணத்தைக் கொண்டும் படத்தில் விழக்கூடாது. ஒரு கடையை மாட்டிவிடுவதற்காக இதை எடுக்கவில்லை. அதைவிட முக்கியம், அதை யாரும் தண்ணீரில் நனைக்கக் கூடாது. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். துவைத்தால் பருத்தித் துணி சுருங்கும், சுருங்கினால் அதே சதுரத்தில் கூடுதல் துணி அடங்கும், எடை ஏறிவிடும். பிறகு நான் சொல்லும் கணக்கே நிற்காது.

காட்சி 2 (15 – 24 விநாடி)

இப்போது முகம், தோள் வரை. பின்னால் வெறும் சுவர். காலண்டரைக் கழற்றி வை.

*(பேச்சு)*
"வணக்கம். என் பெயர் சுகன்யா. துணித் தொழில்நுட்பம் படித்திருக்கிறேன். உங்கள் நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பயிற்சியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன்."

கல்லூரிப் பெயரும் மதிப்பெண்ணும் வாயால் வராது. அவை தாளில் இருக்கின்றன. பணியின் பெயர் மட்டும் கட்டாயம் வர வேண்டும். முதல் வரைவை வாசித்துக் காட்டியபோது அம்மா கேட்ட கேள்வி: "எல்லாம் சரி, என்ன வேலை கேட்கிறாய்?" பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு முன்னால் நின்று பழகியவர் கேட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

காட்சி 3 (24 – 45 விநாடி)

காணொளியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்பட மாட்டேன், நீயும் கைப்பேசியை ஆட்டாதே. "இரண்டாவது" என்று சொல்லும்போது நான் மடியிலிருந்து நிட்டிங் துணி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரிப்பேன். அதில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டுக்கு மட்டும் கிட்டே வா, பிறகு முகத்துக்குத் திரும்பு.

*(பேச்சு)*
"என் முதல் பலம், சந்தேகம் வந்தால் அளந்து பார்ப்பது. இறுதியாண்டுத் திட்டத்தில் நான்கு புள்ளி முறையில் துணி ரோல்களைச் சோதித்து, நிட்டிங் குறையையும் சாயக் குறையையும் பிரித்துப் பதிவு செய்தேன். இரண்டாவது, கண்ட குறையை உரியவரிடம் உடனே சொல்வேன். 'பையா, யே சூயீ பதல் தீஜியே.'"

இந்தி வரியின்போது திரையின் அடியில் வர வேண்டிய எழுத்து: "அண்ணா, இந்த ஊசியை மாற்றிவிடுங்கள்."

'எனக்கு இந்தி தெரியும்' என்று எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டு இதைப் போட்டேன். நம் ஊர் நிட்டிங் யூனிட்டுகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த அண்ணன்மார் எத்தனை பேர் இயந்திரம் ஓட்டுகிறார்கள் என்பது மேலாளருக்குத் தெரியும். துணியில் நெடுக ஓடும் கோட்டைப் பார்த்தால் முதலில் ஊசியைத்தான் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். கோட்டையும் காட்டி, ஊசியை மாற்றச் சொல்லும் வரியையும் சொன்னால், எனக்கு என்ன தெரியும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டு அண்ணி என் உச்சரிப்பைத் திருத்திக் கொடுத்திருக்கிறார். 'சூயீ' என்பதில் நெடிலை விழுங்கினால் நீ உடனே நிறுத்தச் சொல்.

'கடின உழைப்பாளி', 'குழுவாக இயங்குவேன்', 'புதியவற்றைக் கற்கும் ஆர்வம்' ஆகிய மூன்றும் எங்கும் இல்லை. என் வகுப்பில் அத்தனை பேர் சுயவிவரத்திலும் இந்த மூன்றும் இதே வரிசையில் இருக்கின்றன.

அம்மாவின் வேலையையும் பேச்சில் சேர்க்கவில்லை. பிசிர் வெட்டி, தையல் பார்த்து, பெட்டியில் போகும் துண்டை நிறுத்தும் அந்தக் கண் எனக்கும் வந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஐம்பத்தைந்து விநாடிக்குள் சொன்னால் அது இரக்கம் கேட்பதுபோல ஆகிவிடும். நேர்முகத் தேர்வில் அவர்களாகவே கேட்டால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

காட்சி 4 (45 – 55 விநாடி)

அதே இடம், அதே அளவு. சிரிப்பு வந்தால் வரட்டும், வரவழைக்க மாட்டேன்.

*(பேச்சு)*
"தொழிற்சாலை அனுபவம் எனக்கு ஒரு மாதப் பயிற்சி மட்டுமே. வேகம் இனிதான் பழக வேண்டும். ஒரு ரோலைக் கொடுத்துப் பாருங்கள், அறிக்கையோடு வருகிறேன். நன்றி."

அனுபவக் குறையை நாமே சொல்லலாமா என்று நீ கேட்டாய். புதிதாகப் படித்து முடித்தவள் என்பது தாளின் முதல் வரியிலேயே இருக்கிறது. மறைத்து என்ன பயன்? 'நன்றி' சொல்லி ஒரு விநாடி கேமராவைப் பார்த்தபடி இருப்பேன். அதற்குள் நிறுத்தாதே. எல்லாம் சேர்த்து ஐம்பத்தைந்து. ஒரு நிமிடத்துக்கு மீதியுள்ள ஐந்து விநாடி, எங்காவது மூச்சு வாங்கினால் உதவும்.

மாற்று வரி

ஆய்வகப் பணி என்று அறிவித்திருக்கும் நிறுவனத்துக்கு அனுப்பும் பிரதியில், காட்சி 3-இன் இரண்டாவது பலம் மாறும். கோடு ஓடும் துணிக்குப் பதில், சதுரம் வரைந்து துவைத்து உலர்த்திய துணியும் ஸ்கேலும் கையில் இருக்கும்.

*(பேச்சு)*
"இரண்டாவது, அளந்ததை அப்படியே எழுதுவேன். துவைப்பதற்கு முன் ஐம்பது சென்டிமீட்டர். துவைத்த பின் நாற்பத்தேழு. சுருக்கம் ஆறு சதவீதம். ஐந்துக்குள் அடக்கி எழுத மாட்டேன்."

இந்தப் பிரதியில் இந்தி வரி இல்லை. ஆய்வகத்தில் அதற்கு வேலை குறைவு. நாளை இரண்டையும் அடுத்தடுத்து எடுத்துவிடலாம். உடை மாற்ற மாட்டேன்.

திரையில் வரும் எழுத்து

காட்சி 1: "1.62 கி. × 100 = 162 ஜிஎஸ்எம்", அதன் கீழே சிறிய எழுத்தில் "வீட்டுத் தராசில் எடுத்த அளவு". இந்தச் சிறிய வரியை விட்டுவிடாதே. ஆய்வகத்தில் துணியைக் குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்திருந்து, வட்டமாக வெட்டும் கட்டரால் வெட்டித்தான் எடை போடுவார்கள். நம் முன்னறையில் அது நடக்காது. தெரிந்தே சொல்லாமல் விட்டால், தெரிந்தவர் முதல் விநாடியிலேயே சிரிப்பார்.

காட்சி 2: "சுகன்யா, பி.டெக். டெக்ஸ்டைல் டெக்னாலஜி, 2025". கைப்பேசி எண்ணைக் காணொளியில் போடாதே. யார் யாருக்கோ கைமாறும். மின்னஞ்சலில் இருந்தால் போதும்.

பின்னணி இசை கிடையாது. நீ எத்தனை முறை கேட்டாலும் கிடையாது.

காணொளியுடன் அனுப்பும் மின்னஞ்சல்

பொருள்: தரக்கட்டுப்பாட்டுப் பயிற்சியாளர் பணி – சுகன்யா – 55 விநாடி காணொளி

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பயிற்சியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். சுயவிவரத் தாளையும் 55 விநாடிக் காணொளியையும் இணைத்துள்ளேன். சத்தம் போட்டுக் கேட்க வசதியில்லாத இடத்தில் பார்த்தாலும் புரியும்படி முழுப் பேச்சும் திரையில் எழுத்தாக வருகிறது.

காணொளியில் குறிப்பிட்ட திட்டத்தில் துணி ரோல்களை நான்கு புள்ளி முறையில் சோதித்தேன். மூன்று அங்குலம் வரையான குறைக்கு ஒரு புள்ளி, ஆறு வரை இரண்டு, ஒன்பது வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. ஓட்டை ஒரு அங்குலத்துக்குள் இருந்தால் இரண்டு, மீறினால் நான்கு. எடுத்துக்காட்டாக, 60 அங்குல அகலமும் 50 கஜ நீளமும் உள்ள ரோலில் 25 புள்ளிகள் வந்தால், 100 சதுர கஜத்துக்கு 30 புள்ளிகள் ஆகின்றன. 40 என்ற வழக்கமான எல்லைக்குள் அந்த ரோல் தேறும். ஆனால் அந்த 25-இல் பெரும்பகுதி ஒரே ஊசிக் கோட்டால் வந்திருந்தால், ரோல் தேறினாலும் இயந்திரத்தைப் பார்க்கச் சொல்லி அறிக்கையில் எழுதுவேன். அப்படி எழுதிய மாதிரி அறிக்கை ஒன்றையும் இணைத்துள்ளேன்.

திருப்பூரிலேயே வசிக்கிறேன். ஷிப்ட் எதுவானாலும் வர இயலும். நேரில் அழைத்தால் தங்கள் செக்கிங் மேசையிலேயே ஒரு ரோலைச் சோதித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
சுகன்யா
அனுப்பர்பாளையம், திருப்பூர்