படி இறக்கத்தில் இருந்து பிஸ்டல் ஸ்குவாட் வரை: ஞாயிறு குழுவுக்கான கால் பயிற்சி

நம்முடைய குழுவில் புல்-அப் பத்து அடிக்கிற ஆக்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் ஒற்றைக் காலில் ஒரு படியை விட்டு மெதுவாக இறங்கச் சொன்னால் பாதிப் பேருக்கு முழங்கால் உள்ளே சரிகிறது. ஆகவே விகாரமாதேவி பூங்காவுக்கு வருகிற எல்லோருக்கும் அடுத்த சில மாதங்களுக்கு இதுதான் கால் பயிற்சி. ஒரு காலை முன்னே நீட்டிக்கொண்டு மற்றக் காலில் அடிவரை உட்கார்ந்து எழும்புகிற பிஸ்டலை ஏற்கெனவே எப்படியோ செய்துவிடுகிற ஆக்களும் முதல் படியில் இருந்தே தொடங்குங்கள்.

முதலில் படி இறக்கம். ஃபிளாட் மாடிப்படி போதும், 15 முதல் 18 சென்ரிமீற்றர் உயரம் இருக்கும். படியின் ஓரத்தில் பக்கவாட்டாக நின்று, ஒரு காலை வெளியே தொங்க விட்டு, நிற்கிற காலை மடக்கி மூன்று விநாடி எடுத்து இறங்குங்கள். தொங்குகிற காலின் குதிக்கால் தரையை லேசாகத் தொட வேண்டும், அவ்வளவுதான். பாரத்தை அங்கே இறக்கினால் அந்தத் தரம் கணக்கில் இல்லை. தொட்டதும் தள்ளி எழும்பாமல், நிற்கிற காலாலேயே மேலே வாருங்கள். முழங்கால் இரண்டாம் மூன்றாம் விரல் பக்கம் போகட்டும். விரலைத் தாண்டி முன்னே போனால் பரவாயில்லை, போகத்தான் வேண்டும். பெருவிரல் பக்கம் உள்ளே சாய்வதுதான் பிழை. இடுப்பின் ஒரு பக்கம் கீழே தொங்குகிறதா என்று பார்க்க போனை முன்னால் வைத்து வீடியோ எடுங்கள், நிலைக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு செய்தால் கழுத்துத்தான் வளையும். இடுப்புத் தொங்குவது பெரும்பாலும் இடுப்பின் வெளிப்பக்கத் தசைக்குப் பலம் போதாததால் வருவது, உயரத்தைக் குறைத்தால் சரி வரும்.

ஒரு காலுக்கு எட்டு வீதம் மூன்று செட் ஆட்டமில்லாமல் வந்தால் உயரத்தைக் கூட்டுங்கள்: 20, பிறகு 30, பிறகு 40. இதில் யாரும் அவசரப்படக் கூடாது. 30 சென்ரிமீற்றரில்தான் பலர் திணறுவார்கள், அங்கே இரண்டு மூன்று கிழமை நிற்பது சாதாரணம்.

அடுத்தது வாங்கில் ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழும்புவது. மற்றக் கால் முன்னே நீட்டியபடி, வாங்கில் தொப்பென்று விழாமல் உட்கார்ந்து, உடம்பை ஆட்டாமல் எழும்ப வேண்டும். அதன் பிறகு வாங்கைவிடத் தாழ்வான இடமாகத் தேடிக்கொண்டே போங்கள்.

இதோடு சேர்த்துக் கணுக்காலையும் சோதியுங்கள். பெருவிரலைச் சுவரில் இருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி வைத்து, குதிக்கால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா? முடியாவிட்டால் பிஸ்டலின் அடியில் பின்னால் விழுவீர்கள், தொடைப் பலம் எவ்வளவு இருந்தாலும் விழுவீர்கள். அதற்குக் கணுக்காலைத் தினமும் நீட்டி இளக்குங்கள், அதுவரை குதிக்காலுக்குக் கீழே இரண்டு சென்ரிமீற்றர் பலகை வைத்துச் செய்யலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு உதவியோடு முழு ஆழம். கம்பத்தில் துவாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். கை இழுக்கிற அளவு கிழமைக்குக் கிழமை குறைய வேண்டும், இல்லாவிட்டால் அது கைப் பயிற்சிதான். இன்னொரு வழி, உயரமான பெட்டியில் நின்று மற்றக் காலைக் கீழே தொங்க விட்டு முழுதாக இறங்குவது. நீட்டிய காலைத் தூக்கிப் பிடிக்கிற வேலை இதில் மிச்சம், அதனால் ஆழத்தை மட்டும் பழகலாம். தொடை முன்பக்கம் பிடித்து இழுக்கிற ஆக்கள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கைகளை முழங்காலுக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பழகுங்கள்.

கடைசியாக, இரண்டு கையாலும் இரண்டு மூன்று கிலோவை முன்னே நீட்டிப் பிடித்துக்கொண்டு பிஸ்டல். பாரம் கூடினால் கஷ்டம் என்று நினைப்பீர்கள், இங்கே அது முன்பக்கம் இழுத்துச் சமநிலை தருவதால் இலேசாக இருக்கும். இரண்டு லீற்றர் தண்ணிப் போத்தல் போதும். ஐந்து விநாடியில் இறங்கி, இரண்டு காலால் எழும்புவதையும் இடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் போத்தலை வைத்துவிட்டு முயலுங்கள். அடியில் துள்ளி எழும்பாதீர்கள், ஒரு விநாடி நின்று எழும்புங்கள்.

கிழமைக்கு இரண்டு நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. எப்போதும் பலவீனமான காலில் தொடங்கி, மற்றக் காலில் அதே எண்ணிக்கையோடு நிறுத்துங்கள். தொடை எரிவது இருக்கட்டும், முழங்காலுக்குள் குத்தினாலோ வீங்கினாலோ அடுத்த நாளும் வலி நின்றாலோ ஒரு படி கீழே இறங்குங்கள், அப்படியும் போகாவிட்டால் பிசியோவிடம் காட்டுங்கள்.

இந்த ஞாயிறு காலை ஆறரைக்கு எல்லோரையும் படி இறக்கத்தில் பார்ப்போம். தட்டையான அடியுள்ள சப்பாத்து, ஒரு துவாய், தண்ணிப் போத்தல் கொண்டு வாருங்கள். மெத்தென்ற ஓட்டச் சப்பாத்தில் கணுக்கால் ஆடும். மழை பெய்தால் ஈரப் படியில் ஏற வேண்டாம், அன்றைக்குச் சுவர்ச் சோதனையும் கணுக்கால் வேலையும் வீட்டிலேயே செய்து வீடியோவைக் குழுவில் போடுங்கள்.