இணைப்புக் கோரிக்கையோடு ஒரு குறிப்பு: ஆம்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் பேசிய உப்பு

வணக்கம் மேடம். ஆகஸ்டில் ஆம்பூர் பயிற்சி முடிந்து ஸ்டேஷன் பெஞ்சில் உங்களோடு பேசிக்கொண்டிருந்த லேப் கெமிஸ்ட் நான். “ஊறப்போடும் முன்னே உதறிப் பாரு” என்றீர்கள். உதறிப் பார்த்தேன். கணக்கை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். இங்கேயும் தொடர்பில் இருக்க ஆசை. – நிர்மலா

*

மேடம்,

லிங்க்ட்இன் குறிப்புப் பெட்டியில் அதற்கு மேல் எழுத்து ஏறவில்லை. நீங்கள் கொடுத்த கார்டில் மின்னஞ்சல் முகவரி இருந்ததால் மீதியை இதில் எழுதுகிறேன்.

அன்றைக்கு அந்த ஹாலில் அறுபது எழுபது பேர் இருந்தோம், என் முகம் நினைவில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கழிவுநீரில் குளோரைடு பார்க்கும்போது குரோம் கலந்திருந்தால் முடிவுப்புள்ளி தெரிவதில்லையே என்று கேட்டது நான்தான். மாலையில் ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் போகணும் என்று நீங்கள் கேட்டீர்கள், ஒரே ஷேர் ஆட்டோவில் வந்தோம். சென்னை வண்டி ஒரு மணி நேரம் தாமதம் என்றார்கள். உங்கள் மடியில் பிரியாணி பார்சல் இருந்தது. கத்தரிக்காய் வீடு போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடுமோ என்று கேட்டீர்கள். புளியும் எண்ணெயும் சேர்ந்தது, ராத்திரி வரை தாங்கும் என்றேன். தாங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் கேட்ட ஒரு கேள்விதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். எங்கள் தோல் கம்பெனி கழிவுநீருக்காகச் செலவழிப்பதைப் பற்றி, ஆர்.ஓ. சவ்வு அடைத்துக்கொள்வதைப் பற்றி, ஆவியாக்கிக்குக் கட்டும் கரண்ட் பில்லைப் பற்றி நான் அடுக்கிக்கொண்டே போனேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிம்மா, இந்த உப்பு உங்க கம்பெனிக்குள்ள எங்க நுழையுது?” என்றீர்கள். ஊறல் டிரம்மில் என்று சொன்னேன். “இல்ல. அதுக்கு முன்னாடி. லாரில வருது” என்றீர்கள்.

ஐந்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். தோலோடு உப்பு வருவது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் பார்த்ததெல்லாம் பீக்கரில் கரைந்த உப்பைத்தான். கரைந்த பிறகு அதை உயிரியல் தொட்டியில் எந்தக் கிருமியும் தின்னாது, எந்தப் படிவிலும் அது கீழே இறங்காது. சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிரித்து, மிஞ்சியதைக் காய்ச்சி வற்றவைத்தால்தான் திரும்பவும் கட்டியாகும். அப்படி வற்றவைத்த கலப்பு உப்பை என்ன செய்வது என்று தெரியாமல் ஷெட்டில் மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறோம். லாரியிலிருந்து இறங்கும்போதே அது கட்டியாகத்தான் இருக்கிறது, கையால் தட்டினாலே விழும் என்பது அந்த பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

செய்ததைச் சொல்கிறேன். முதலில் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் கேட்டேன். ஆள் நேரம் யார் கொடுப்பது என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். அப்புறம் ஊறல் பகுதி மேஸ்திரியிடம் போனேன். அவர் இருபது வருஷத்துக்கு மேல் தோல் தொட்டவர். “எங்க அப்பா காலத்துல உதறித்தாம்மா போடுவாங்க, டிரம்மு வந்தப்புறம் விட்டுட்டாங்க” என்றார். சனிக்கிழமைகளில் வேலை குறைவு, இரண்டு பேரைத் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

பழைய பேலட் மரத்தில் சரிவாக ஒரு சட்டம் அடித்தோம். ஆட்டுத்தோல்தான். ஒவ்வொன்றையும் சட்டத்தின் மேல் மூன்று முறை ஓங்கி அடித்து, புரட்டி, இன்னும் இரண்டு முறை. கீழே தார்ப்பாய். ஒரு லாட் 200 தோல், எடை சுமார் 220 கிலோ. உதறி முடித்துக் கூட்டி எடை போட்டதில் 9 கிலோ உப்பு வந்தது. அந்தக் குவியலைப் பார்த்து மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

முதல் வாரக் கணக்கை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம், அதில் நான் தப்புச் செய்தேன். உதறாத லாட்டின் ஊறல் தண்ணீரை நான்கு மணி நேரம் கழித்து எடுத்துவிட்டு, உதறிய லாட்டின் தண்ணீரை இரண்டு மணி நேரத்திலேயே எடுத்துவிட்டேன். குறைவாக வராமல் என்ன செய்யும்? அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த மூன்று சனிக்கிழமையும் ஒரே கொள்முதலில் வந்த தோலை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீர் விட்டு, இரண்டையும் நான்காவது மணியில் எடுத்தேன். மூன்று வாரச் சராசரி: உதறாததில் முதல் ஊறல் தண்ணீரின் டிடிஎஸ் லிட்டருக்கு 41,000 மில்லிகிராம், உதறியதில் 29,000. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 660 லிட்டரில் 12 கிராம் வீதம் என்றால் கிட்டத்தட்ட 8 கிலோ. தார்ப்பாயில் கிடைத்த 9 கிலோவோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. மீதி ஒரு கிலோ முடியும் சாணமும் மணலுமாக இருக்கும் என்று நினைக்கிறேன். குளோரைடை வெள்ளி நைட்ரேட்டில் டைட்ரேட் செய்தும் பார்த்தேன், அதுவும் அதே திசையைத்தான் காட்டுகிறது. தாள்களை இணைத்திருக்கிறேன். உங்கள் கண்ணுக்கு வேறு ஓட்டை தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

தாளில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. உதறின இரண்டு பேரில் ஒரு அக்காவுக்கு முதல் நாளே உள்ளங்கை வெடித்து ரத்தம் வந்துவிட்டது. உப்பு கண்ணிலும் தெறிக்கிறது. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் இரண்டாவது வாரம் தொடங்கினோம். கையுறை போட்டால் பிடி வழுக்குகிறது என்கிறார். கழிவுநீருக்குப் போகிற உப்பைக் குறைக்கிறேன் என்று அவர் கையைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. கம்பி வலையில் செய்த சுழல் டிரம்மில் போட்டு உதறுவது பற்றி நீங்கள் அன்றைக்குச் சொன்னீர்கள், அதற்குள் வண்டி அறிவிப்பு வந்துவிட்டது. பாதியில் நின்ற பேச்சு அது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஒன்றே ஒன்றுதான். உதறிக் கிடைக்கிற அந்த உப்பை என்ன செய்யலாம்? பச்சைத்தோல் பதப்படுத்த அப்படியே திருப்பி அனுப்பக் கூடாது என்பது தெரியும். உப்பிலேயே வாழும் கிருமி அதில் இருக்கும், தோலில் சிவப்புக் கறை விழும். ஆனால் பிக்கிளில் நாங்கள் தோல் எடைக்கு எட்டு சதவீதம் புது உப்பு போடுகிறோம், அமிலத்தில் தோல் உப்பாமல் இருப்பதற்காக. உதறின உப்பைத் தண்ணீரில் கரைத்து, படியவைத்து, வடிகட்டி, போமே பார்த்து அந்த இடத்தில் பயன்படுத்தினால் என்ன? ஒரு குடத்தில் கரைத்துப் பார்த்தேன், டீ நிறத்தில் இருக்கிறது, நாற்றமும் இருக்கிறது. அந்தப் புரதமும் கொழுப்பும் தோலின் மேல்பக்கத்தில் கறையாக நிற்குமா? வடிகட்டினால் போதுமா, உப்பை முதலில் சூடாக்கி அதிலுள்ள கசடை எரிக்க வேண்டுமா? இதைக் கையால் செய்து பார்த்தவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். பதினைந்து நிமிடம் போனில் பேச முடிந்தால் போதும். நேரமில்லையென்றால், எந்த வழி வேண்டாம் என்று ஒரு வரி எழுதினாலும் எனக்கு ஒரு மாதம் மிச்சம்.

வேலை கேட்டு எழுதவில்லை மேடம். யாரிடமும் சிபாரிசும் வேண்டாம். இந்த மாதிரிக் கோரிக்கைகள் உங்களுக்கு நிறைய வரும், அதனால்தான் தனியாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றி அன்றைக்கு நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். அப்போது அளந்து பார்த்திருக்கவில்லை, அதனால் மழுப்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஊரார் கழிவுநீரையெல்லாம் அளக்கிறவள் வீட்டுக் கிணற்றை அளக்கவில்லை. அடுத்த நாளே ஒரு பாட்டிலில் எடுத்துப் போனேன். டிடிஎஸ் 3,400. குடிநீருக்கு வேறு வழியே இல்லாத இடத்தில்கூட 2,000 வரைதான் பொறுக்கலாம் என்று தர நிர்ணயம் சொல்கிறது. அம்மாவிடம் எண்ணைச் சொன்னேன். “பருப்பு வேகலன்னு நான் சொல்றது உனக்கு எண்ணா வந்தாத்தான் நம்பிக்கையா?” என்றாள். சமையலுக்கு முப்பது ரூபாய் கேன், துணிக்கும் மாட்டுக்கும் கிணறு. பாட்டி இருந்தவரை பாலாற்று ஊற்றுத்தண்ணீரின் ருசியைப் பேசிக்கொண்டே இருப்பாள். மணலில் கையால் பறித்தால் ஊறுமாம்.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது நான் பிறக்கவில்லை. வேலூர் மக்கள் நல அமைப்பு போட்ட வழக்கு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு. கல்லூரியில் சூழலியல் தாளில் அதைப் படித்தேன். அது என் ஊர்த் தண்ணீரைப் பற்றிய தீர்ப்பு என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை, பாடப்பகுதியில் இருந்த ஊர்ப்பெயர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவும் தோல் கம்பெனியில்தான் வேலை பார்த்தார், என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். அதனால் கம்பெனியை மூடு என்று என் வாயால் வராது. கிணறு அப்படியே கிடக்கட்டும் என்றும் வராது. ஒரு லாட்டுக்கு 9 கிலோ என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் என் கையால் செய்ய முடிந்த முதல் காரியம். அதைச் சொல்லிக் கொடுத்தவரிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டாமா?

மேனேஜர் இந்த எண்களைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு லாட் செய்யலாம் என்றிருக்கிறார். கம்பி வலை டிரம்முக்கு வரைபடம் ஏதாவது உங்களிடம் இருந்தால் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே அடித்துக்கொள்வோம்.

திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஆறு மணிக்கு மேல் நான் போனில் இருப்பேன். ஞாயிறு முழுவதும். மறுபடி ஆம்பூர்ப் பக்கம் வந்தால் ஒரு நாள் முன்னால் சொல்லுங்கள், ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். சட்டத்தையும் தார்ப்பாயையும் நேரில் காட்டணும்.

அன்புடனும் நன்றியுடனும்
நிர்மலா
லேப் கெமிஸ்ட், ஆம்பூர்