மூன்றிலிருந்து இரண்டு

கடைசிப் பிள்ளையும் படிக்கவோ வேலைக்கோ கிளம்பிப் போன வீட்டில், பகலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிள்ளை இருந்தபோதும் அந்நேரம் வீடு காலிதான். கனப்பது மாலை ஆறிலிருந்து எட்டு வரை. செருப்பை உதறும் சத்தம், பை தொப்பென்று விழும் சத்தம், குளியலறைக் கதவு அறையப்படும் சத்தம் எதுவும் இல்லை. ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் ஓடி நிற்பது கேட்கும். இத்தனை வருடமும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மனசை விடக் கை மெதுவாகத்தான் பழகும். மூன்று பேருக்கு அளந்த கை இரண்டு பேருக்கு அளக்க மறுக்கும். அளவைக் குறைத்தாலும் அடி பிடிக்கும். அகலமான பாத்திரத்தில் கொஞ்சமாக வைத்தால் மெல்லிசாகப் பரவி நீர் சீக்கிரம் வற்றிவிடுகிறது. முதலில் மாற்ற வேண்டியது பாத்திரத்தைத்தான். துணியைத் தினமும் அரைச் சுமையாகப் போட வேண்டியதில்லை, இரண்டு மூன்று நாள் சேரட்டும். நடுவில் மெஷின் கதவு திறந்தே கிடக்கட்டும், இல்லையென்றால் உள்ளே ஈர வாடை தங்கும்.

பிள்ளையின் குளியலறையைப் பூட்டி வைத்தால் சில வாரங்களில் நாற்றம் வரும். சுத்தம் போதவில்லை என்று நினைத்து ஃபினாயில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். காரணம் அதுவல்ல. வடிகாலின் வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. புழங்காவிட்டால் அது வற்றிவிடுகிறது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு மக் தண்ணீர், கழிப்பறையில் ஒரு ஃப்ளஷ் போதும்.

அறை எதிரொலிக்கிறதே என்பதும் வெறும் பிரமை இல்லை. மெத்தை விரிப்பும் தொங்கிய துணிகளும் ஒலியை உறிஞ்சிக்கொண்டிருந்தன. மிச்சம் இருப்பவற்றையும் உடனே காலி செய்ய வேண்டாம். முதல் மாதமே அறையைச் சாமான் அறையாக்கிவிட்டால், முதல் விடுமுறைக்கு வருபவர் ஹாலில் விருந்தாளி மாதிரி படுக்க வேண்டியிருக்கும்.

போனில் 'சாப்பிட்டாயா?' என்று கேட்டால் 'ம்' என்றுதான் பதில் வரும். பக்கத்து அறைக்காரன் இப்போதும் குறட்டை விடுகிறானா என்று கேட்டால் பேச்சு நீளும். தினம் நான்கு முறை கூப்பிடுவது விசாரணை மாதிரி ஆகிவிடும். இருவருக்கும் தோதான ஒரு நேரத்தை முடிவு செய்துகொள்வது மேல்.

கணவன் மனைவிக்குள் இதுவரை நடந்த பேச்சில் பாதி ஃபீஸ், பரீட்சை, எத்தனை மணிக்கு வருவான் என்பதுதான். அது நின்றதும் சாப்பாட்டு மேஜையில் டிவி மட்டும் பேசும். யாரோ ஒருவர் ரிமோட்டை எடுக்க வேண்டும்.

அழுகை வந்தால் வரட்டும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் தூக்கமோ பசியோ கெட்டு, எதிலும் மனசு ஒட்டாமல் போனால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

முதல் விடுமுறையில் இன்னொன்றும் நடக்கும். இரவு பதினொரு மணிக்குச் சமையலறையில் மிக்ஸி ஓடும், ஹால் விளக்கு அணையாது, வந்தவர் மேல் லேசாக எரிச்சல் வரும். அதற்குள் இந்த அமைதி பழகிவிட்டிருக்கும்.