கணினி மன்றம்: படத்திலிருந்து பிராம்ப்ட்

காரைக்குடி, 7ஆம் வகுப்பு, வெள்ளி கடைசி பீரியட், 40 நிமிடம். போன வாரம் வரைந்த படம் கையில் இருக்க வேண்டும்.

கரும்பலகையில் ‘அழகான வீடு’ என்று எழுதி, இதைப் பிராம்ப்ட்டாக, அதாவது படம் வரையச் சொல்லும் வரியாகக் கொடுத்தால் ஏஐ எதை வரையும் என்று கேட்கவும். எந்த ஊர் வீடும் வரலாம். அப்புறம் இப்படி மாற்றவும்: “செட்டிநாட்டு வீட்டு முற்றம், சாய்வெயில், பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் தரை, தூணில் சாய்ந்து ஆயா கொட்டான் முடைகிறார், பென்சில் ஓவியம்.” இடம், வெளிச்சம், ஆள், செயல், பாணி எல்லாம் வந்துவிட்டன. ‘அழகான’ போய்விட்டதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

பயிற்சி (15 நிமிடம்): உன் படத்தைப் பார்த்து மூன்று வரியில் பிராம்ப்ட் எழுது. படத்தை மறைத்துவிட்டு, எழுதியதை மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து வரையச் சொல். அவர் வரைந்ததில் எது விடுபட்டதோ அதைச் சேர்த்துத் திருத்து.

கணினி ஒன்றுதான், நான்கு பிராம்ப்ட்டை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம்.