சம்பளச் சீட்டு அட்டவணை: இனம், வகை, தொகை என்று மாற்றிய வடிவம்

கணக்குப் பிரிவு நண்பர்களுக்கு,

ஊழியர் எண் 1047-இன் மார்ச் மாதச் சம்பளச் சீட்டை நீங்கள் கேட்டபடி ஒரே பட்டியலாக மாற்றியிருக்கிறேன். மற்ற சீட்டுகளையும் இதே முறையில்தான் மாற்றப் போகிறோம். அதனால் மாற்றிய பட்டியலோடு, எங்கெங்கே என்ன முடிவு எடுத்தேன் என்பதையும் எழுதுகிறேன். எந்த முடிவாவது சரியில்லை என்று தோன்றினால் மற்ற சீட்டுகளைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சீட்டில் அச்சாகியிருந்தது இப்படி:

| வரவு | தொகை | பிடித்தம் | தொகை |
|---|---:|---|---:|
| அடிப்படைச் சம்பளம் | 24,000.00 | வருங்கால வைப்பு நிதி | 2,400.00 |
| வீட்டு வாடகைப் படி | 9,600.00 | வருமான வரி | 1,310.00 |
| போக்குவரத்துப் படி | 1,600.00 | மருத்துவம் | 425.00 |
| மருத்துவம் | 1,250.00 | முன்பணத் தவணை | 2,000.00 |
| மிகைநேர ஊதியம் | 1,875.50 | சம்பளமில்லா விடுப்பு | 800.00 |
| இரவுப் பணிப் படி | 750.00 | கேன்டீன் | (180.00) |
| நிலுவை: ஜனவரி, பிப்ரவரி | 1,200.00 | | |
| ஊக்கத்தொகை | 0.00 | | |
| மொத்த வரவு | 40,275.50 | மொத்தப் பிடித்தம் | 6,755.00 |

நிகர சம்பளம்: 33,520.50
கட்டத்துக்கு வெளியே, கீழே சிறிய எழுத்தில்: வருங்கால வைப்பு நிதியில் நிறுவனப் பங்கு 2,400.00

மாற்றிய பிறகு:

| இனம் | வகை | தொகை |
|---|---|---:|
| அடிப்படைச் சம்பளம் | வரவு | 24000.00 |
| வீட்டு வாடகைப் படி | வரவு | 9600.00 |
| போக்குவரத்துப் படி | வரவு | 1600.00 |
| மருத்துவம் | வரவு | 1250.00 |
| மிகைநேர ஊதியம் | வரவு | 1875.50 |
| இரவுப் பணிப் படி | வரவு | 750.00 |
| நிலுவை: ஜனவரி, பிப்ரவரி | வரவு | 1200.00 |
| ஊக்கத்தொகை | வரவு | 0.00 |
| வருங்கால வைப்பு நிதி | பிடித்தம் | 2400.00 |
| வருமான வரி | பிடித்தம் | 1310.00 |
| மருத்துவம் | பிடித்தம் | 425.00 |
| முன்பணத் தவணை | பிடித்தம் | 2000.00 |
| சம்பளமில்லா விடுப்பு | பிடித்தம் | 800.00 |
| கேன்டீன் | பிடித்தம் | -180.00 |
| வருங்கால வைப்பு நிதி | நிறுவனப் பங்கு | 2400.00 |

பழைய அட்டவணையில் ஒரே வரியில் இருப்பவற்றுக்குள் எந்த உறவும் கிடையாது. அடிப்படைச் சம்பளமும் வைப்பு நிதியும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்தால் ஏதோ தொடர்பு இருப்பது போலத் தெரியும். இரண்டாவது வரிக்கு வந்தால் வாடகைப் படிக்குப் பக்கத்தில் வருமான வரி. இரண்டும் இரண்டாவதாக எழுதப்பட்டவை, அவ்வளவுதான். காகிதத்தில் இடம் மிச்சப்படுத்த இரண்டு தனித்தனிப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அச்சில் பார்க்கும் கண்ணுக்கு அது வசதி. கணினிக்கு அப்படி இல்லை. வரவை அகர வரிசையில் அடுக்கினால் பிடித்தமும் கூடவே இடம் மாறும். 1,000-க்கு மேல் உள்ள வரவை மட்டும் வடிகட்டினால் மிகைநேர ஊதியத்தோடு ஒட்டிக்கொண்டு விடுப்புப் பிடித்தமும் வந்து நிற்கும். இரவுப் பணிப் படி வரியோ மறையும்போது கேன்டீனையும் சேர்த்து மறைத்துவிடும். திரைவாசிப்பான் வைத்துக் கேட்கும் ஊழியருக்கு இன்னும் சிரமம். "அடிப்படைச் சம்பளம் 24,000 வருங்கால வைப்பு நிதி 2,400" என்று ஒரே மூச்சில் காதில் விழும்போது எது வந்தது, எது போனது என்று அவர் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். தன் சம்பளத்தைச் சரிபார்க்க யாருக்கும் அவ்வளவு உழைப்பு தேவைப்படக் கூடாது.

அதனால் இடது பாதியை முழுவதும் எழுதி முடித்துவிட்டு, அதற்குக் கீழே வலது பாதியை எழுதியிருக்கிறேன். முன்பு எந்தப் பக்கம் என்பது சொன்ன செய்தியை இப்போது வகை நெடுவரிசை சொல்கிறது. மருத்துவம் என்ற இனத்தைப் பாருங்கள். வரவில் அது படி, பிடித்தத்தில் அது காப்பீட்டுச் சந்தா. சீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர். வகை இல்லாமல் இனத்தை மட்டும் வைத்துக் கூட்டினால் 1,675 என்று எதற்குமே பொருந்தாத ஒரு தொகை வரும். பெயரை நான் மாற்றவில்லை, சீட்டில் உள்ளபடியே வைத்திருக்கிறேன். பின்னால் யாராவது சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

பிடித்தத் தொகைகளுக்குக் கழித்தல் குறி போடவில்லை. பிடித்தம் என்று வகையே சொல்லிவிட்டது. குறியும் சேர்ந்து சொன்னால், வகையைப் பார்த்து ஒருவர் கழிக்க, அது ஏற்கனவே எதிர்க்குறியில் இருக்க, பிடித்தம் வரவாகக் கூடிவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு கேன்டீன். சீட்டில் 180 அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. கணக்கு வழக்கத்தில் அடைப்புக்குறி என்றால் எதிர்மறைத் தொகை. முந்தைய மாதம் கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். இதை வரவில் சேர்க்கத் தோன்றும். நிகர சம்பளமும் மாறாது. ஆனால் மொத்த வரவு 40,455.50 ஆகிவிடும், சீட்டில் அச்சான மொத்தத்தோடு பொருந்தாது. எனவே வகை பிடித்தம், தொகை -180.00.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பிடிஎஃபிலிருந்து ஒட்டும்போது "(180.00)" எண்ணாக மாறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடலாம். அப்போது எக்செலின் SUM அந்தக் கட்டத்தைச் சத்தமே இல்லாமல் தாண்டிப் போய்விடும். பிடித்தத்தின் மொத்தம் 6,935 என்று வந்தால் காரணம் இதுதான். ஆயிரம் பிரிக்கும் காற்புள்ளிகளையும் இதே காரணத்துக்காகத்தான் எடுத்துவிட்டேன்.

வலது பக்கம் கடைசியில் இரண்டு வரிகள் வெற்று. அவற்றை விட்டுவிட்டேன். அவை பிடித்தங்களே அல்ல, இடது பட்டியல் நீளமாக இருப்பதால் வந்த ஓட்டை. ஊக்கத்தொகை 0.00 அப்படிப்பட்டது இல்லை. அந்த இனம் அவருக்கு உண்டு, இந்த மாதம் தொகை இல்லை என்று சீட்டே சொல்கிறது, அதனால் வரிசையாக இருக்கிறது. மொத்த வரவு, மொத்தப் பிடித்தம், நிகர சம்பளம் மூன்றும் பட்டியலில் இல்லை. அவை இனங்கள் அல்ல, கணக்கிட்டு வருபவை. உள்ளே விட்டால் கூட்டும்போது எல்லாம் இரண்டு மடங்காகும். தூக்கியும் எறியவில்லை, சரிபார்க்கத் தனியாக வைத்திருக்கிறேன்.

சம்பளமில்லா விடுப்பைப் பற்றி உங்களில் சிலர் கேட்பீர்கள். ஒரு நாளுக்கான 800-ஐ அடிப்படைச் சம்பளத்திலேயே குறைத்து 23,200 என்று காட்டலாமே என்று. காட்டலாம், சில இடங்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஆனால் நம் வேலை வடிவத்தை மாற்றுவது, கணக்கை மாற்றுவது அல்ல. சீட்டு அதைப் பிடித்தம் என்கிறது, நாமும் பிடித்தம் என்கிறோம்.

நிறுவனப் பங்கு மட்டும் மூன்றாவது வகை. அது ஊழியரின் கையிலிருந்து போவதில்லை, கைக்கும் வருவதில்லை. பிடித்தத்தில் சேர்த்தால் நிகர சம்பளம் 2,400 குறைந்து தெரியும். பழைய வடிவத்தில் இதற்கு இடமே இல்லாமல்தான் கட்டத்துக்கு வெளியே தள்ளியிருக்கிறார்கள். இங்கே ஒரு வரிசை போதும்.

எக்செலில் சீட்டின் 8 வரிகளும் A2:D9-இல் இருந்தால், VSTACK உள்ள பதிப்பில் இந்தச் சூத்திரம் 14 வரிசைகளைத் தரும்:

```
=LET(
  varavu, HSTACK(A2:A9, IF(A2:A9="","","வரவு"), B2:B9),
  pidi,   HSTACK(C2:C9, IF(C2:C9="","","பிடித்தம்"), D2:D9),
  ellam,  VSTACK(varavu, pidi),
  FILTER(ellam, CHOOSECOLS(ellam,2)<>"")
)
```

நிறுவனப் பங்கை அப்புறம் கையால் சேர்க்க வேண்டும். பட்டியலை F, G, H நெடுவரிசைகளில் வைத்தால் நிகர சம்பளம்:

```
=SUMIFS(H:H,G:G,"வரவு")-SUMIFS(H:H,G:G,"பிடித்தம்")
```

33,520.50 வந்தது. மொத்த வரவும் மொத்தப் பிடித்தமும் தனித்தனியாகச் சீட்டோடு பொருந்துகின்றன. நிகரம் மட்டும் பொருந்தினால் போதாது, மூன்றையும் பாருங்கள். கேன்டீனில் சொன்னது போல, ஒரு தொகை தவறான பக்கம் போயும் நிகரம் சரியாகவே வரலாம்.

பல சீட்டுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கும்போது முன்னால் ஊழியர் எண், மாதம் என்று இரண்டு நெடுவரிசைகள் வேண்டும், ஒவ்வொரு வரிசையிலும் நிரப்பி. அச்சு வரிசையிலேயே மறுபடி எடுக்க வேண்டியிருந்தால் ஒரு வரிசை எண்ணும் வேண்டும். இந்த ஒரு சீட்டுக்குத் தேவையில்லை என்பதால் சேர்க்கவில்லை.

இன்னொன்று, தமிழில் பெயர் வைப்பதால் வருவது. "போக்குவரத்து" என்பதில் உள்ள "போ"வின் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: U+0BCB என்ற ஒரே குறியாகவும், U+0BC7, U+0BBE என்ற இரண்டு குறிகளாகவும். திரையில் ஒன்றாகவே தெரியும். குறிக்குக் குறி ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு இனங்கள். ஏற்றுவதற்கு முன் இனப் பெயர்களை, இரண்டு குறிகளையும் ஒன்றாக்கிவிடும் NFC என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். வகைப் பெயர்களில் ஒ, ஓ, ஔ குறிகள் இல்லாததால் அங்கே இந்தத் தொல்லை வராது.

தீராமல் இருப்பது நிலுவை. இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 1,200 என்று ஒரே தொகை இருக்கிறது. சரிபாதியாக 600, 600 என்று பிரிக்கச் சீட்டில் ஆதாரம் இல்லை, அதனால் ஒரே வரிசையாக விட்டிருக்கிறேன். சம்பளப் பதிவேட்டில் மாதவாரித் தொகை இருந்தால் அனுப்புங்கள். அந்த ஒரு வரிசை இரண்டாகும், மொத்தங்கள் அப்படியே இருக்கும்.