பத்து கிராம்

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மென்பொருளின் புது வெர்ஷன் ஜூலை 1ஆம் திகதி காலையில் தோட்டத்துக்குப் போயாக வேண்டும். ஜூன் 30 பின்னேரம் நாலரை மணிக்கு, எல்லாரும் பையைக் கட்டுகிற நேரத்தில், திலீப் அதில் ஒரு பிழையைப் பிடித்துவிட்டான்.

ஹட்டன் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த அலுவலகம் அது. டெஸ்டிங் பார்ப்பது இரண்டே பேர், யோகாவும் திலீப்பும். இரண்டு பேரும் சம்மதம் எழுதினால்தான் வழக்கமாக ரிலீஸ் போகும்.

"அக்கா, இங்க ஒருக்கா வந்து பாருங்க."

ஒரு ஆளின் கொழுந்து எடை காலையில் 6.40 கிலோ, பகலில் 7.25, பின்னேரம் 4.35. கூட்டினால் சரியாக 18 கிலோ. அந்தத் தோட்டத்தில் நாள் ஒன்றுக்குக் கேட்கிற அளவும் 18தான். ஆனால் டெப்லெட்டில் மொத்தம் 17.99 என்று நின்றது, பக்கத்தில் "அரைப்பேர்" என்று சிவப்பு எழுத்து, அதாவது அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான்.

யோகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எங்கே போனது அந்தப் பத்து கிராம் என்று தேட அதிக நேரம் ஆகவில்லை, திலீப் ஏற்கெனவே தோண்டி எடுத்து வைத்திருந்தான்.

```python
>>> 4.35 * 100
434.99999999999994
>>> int(4.35 * 100)
434
```

கணினி 4.35ஐ இரண்டின் அடிமானத்தில் வைத்துக்கொள்வதால் அது அச்சு அசலாக 4.35 ஆக இருப்பதில்லை, ஒரு மயிரிழை குறைவாக இருக்கிறது. நூறால் பெருக்கிவிட்டுப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்தால் 435க்குப் பதில் 434 வந்துவிடும். எல்லா எடைக்கும் இப்படி ஆகாது. 2.30க்கு ஆகும், 4.60க்கு ஆகும், 7.25க்கு ஆகாது. வெட்டாமல் கிட்டிய முழு எண்ணுக்குக் கொண்டுபோனால் பிரச்சினை தீர்ந்தது, ஒரு வரித் திருத்தம்தான். ஆனால் அந்த ஒரு வரியைத் தண்ணிக்குக் கழிக்கிற கணக்கும் கூப்பிடுகிறது, கிலோவுக்குக் காசு கொடுக்கிற கைக்காசுக் கணக்கும் கூப்பிடுகிறது. மாற்றினால் எல்லாவற்றையும் திரும்ப ஓட்டிப் பார்க்க இரண்டு நாள் வேண்டும்.

"மைனர்னு போடு தம்பி," என்றாள் யோகா. "மூணு நிறுவையும் கூட்டிச் சரியா பதினெட்டுல வந்து நிக்கணும், அதுல ஒண்ணு இந்த மாதிரி எடையா இருக்கணும். எத்தன நாளைக்கு ஒருக்கா நடக்கப் போவுது?"

"நடக்கிற அன்னைக்கு யாருக்கு நடக்குது அக்கா? அரைப்பேர்னா 675 ரூபா போயிருச்சு."

அதில் தப்பில்லை. 2024இல் நாட்சம்பளம் 1,350 ஆகியிருந்தது, பாதி போனால் 675. லயத்தில் ஒரு குடும்பத்துக்கு அது சின்னக் காசு இல்லை.

"அதுக்காக நாளைக்கு நிப்பாட்டச் சொல்றியா?"

"ஆமா. ரெண்டு நாள்தானே."

"ரெண்டு நாள் இல்லடா, ஒரு மாசம்! சம்பளக் கணக்கு எழுதுற செக்ரோல் ஒண்ணாந் திகதி தொடங்குது, மாசத்துக்கு நடுவுல வெர்ஷன மாத்த ஒத்துக்க மாட்டாங்க. இன்னும் ஒரு மாசம் பழசுதான் ஓடும். பழசு என்னா செய்யுதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். சிக்னல் போனால் பழைய வெர்ஷன் பதிவையே விழுங்கிவிடும். கொழுந்து நிறுக்கிற மடுவம் பள்ளத்தில் இருக்கிறது, அங்கே சிக்னல் இருந்தால்தான் அதிசயம். யோகாவின் அம்மா தலவாக்கலைப் பக்கம் இன்னும் கொழுந்து பறிக்கிறார். மே மாதத்தில் ஒரு நாள் அவர் பின்னேரம் போட்ட கொழுந்து மொத்தமாகக் காணாமல் போய், கணக்கப்பிள்ளை ஞாபகத்தில் இருந்ததை எழுதி, அதற்கு மேல் வாதாட முடியாமல் அம்மா வீட்டுக்கு வந்து போனில் அழுதார். புது வெர்ஷன் டெப்புக்குள்ளேயே சேமித்துவைத்து, சிக்னல் கிடைக்கும்போது அனுப்பும். அதைச் சோதிக்க யோகா ஏரோப்ளேன் மோடில் போட்டு, பட்டரியைச் சாகவிட்டு, நிறுத்துக்கொண்டிருக்கும்போதே டெப்பை அணைத்து, என்னென்னமோ செய்து பார்த்தவள்.

"பத்து கிராமுக்காகப் பத்து கிலோவ விடச் சொல்றியே."

திலீப் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் அப்பா பண்டாரவளைப் பக்கம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், சின்ன வயதில் மடுவத்துத் திண்ணையில் உட்கார்ந்து அந்தச் சண்டைகளை எல்லாம் பார்த்திருக்கிறான்.

"அக்கா, அப்பாகிட்ட கொப்பிதான் இருந்துச்சு. 'ஐயா, தராசுல பதினெட்டு காட்டுச்சே'ன்னு ஒரு அம்மா சத்தம் போட்டா, அவரு திரும்பப் பாப்பாரு. திட்டுவாரு, ஆனா பாப்பாரு. டெப்புல சிவப்பா வந்ததுக்கு அப்புறம் யாரு பாப்பா? 'மெஷின் பொய் சொல்லுமா'ன்னு அனுப்பிருவாங்க. தண்ணிக்குன்னு கழிக்கிறது போதாதுன்னு நாமளும் கழிக்கணுமா?"

யோகா பதில் சொல்லாமல் செட்டிங்கைத் திறந்தாள். `norm_units = 1800`. கொஞ்சம் யோசித்துவிட்டு அதை 1797 ஆக்கினாள். ஒரு நிறுவையில் போவது அதிகபட்சம் பத்து கிராம், ஒரு நாளைக்கு மூன்று நிறுவை, ஆகவே முப்பது கிராமுக்கு மேல் போக வழியில்லை. அதே மூன்று எடைகளைத் திரும்பப் போட்டாள். முழுப்பேர்.

"கோடிங்கையே தொடல. நாளைக்கு டெப்ப குடுக்கிறவர் இத மாத்திக் குடுக்கலாம்."

"பேர் சரி," என்றான் திலீப். "நிறுத்ததுக்குக் குடுக்கிற துண்டுல 17.99 தானே வரும்? தராசு ஒண்ணு காட்டுது, துண்டு ஒண்ணு காட்டுது. கைக்காசுலயும் அந்தப் பத்து கிராம் குறையும். பத்து கிராமோ பத்து கிலோவோ, அவங்க பறிச்சது அவங்களுக்கு வரணும்."

"தராசு குடுக்கிற எடை அப்படியே சேவ் ஆகுதா, வெட்டினதுதான் சேவ் ஆகுதா?"

அதை அவன் பார்த்திருக்கவில்லை. டேட்டாபேஸைத் திறந்தான். `raw_kg` என்ற நெடுவரிசையில் 4.35 இருந்தது, வெட்டுப்படாமல். இன்னும் சில எடைகளைப் போட்டுப் பார்த்தார்கள், எல்லாமே முழுசாக இருந்தன. அப்படியென்றால் ஜூலை மாதச் சம்பளம் போடுகிற ஆகஸ்ட் 10ஆம் திகதிக்கு முன்னால் திருத்தத்தைப் போட்டு, முதல் நாளிலிருந்து திரும்பக் கணக்குப் போடலாம். ஒருவருக்கும் ஒரு சதம் குறையாது.

"இப்ப ஒத்துக்கிறியா?"

"இல்லக்கா. துண்டு பிழைன்னு தெரிஞ்சும் குடுக்கிறதுக்கு நான் சம்மதம் எழுத மாட்டேன்."

யோகாவுக்குக் கோபம் வந்தது, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அறிக்கையைத் திறந்து அவன் பக்கம் திருப்பிவைத்தாள். "அப்ப எழுது. நீ நெனைக்கிறத முழுசா எழுது, நான் ஒரு எழுத்து வெட்ட மாட்டேன். கீழ நான் ஏன் போகச் சொல்றேன்னு எழுதுறேன். முடிவ மெனேஜர் எடுக்கட்டும்."

அவன் எழுதினான். அரைப்பேர், 675 ரூபாய், துண்டில் வருகிற பிழை, தோட்டத்தில் அதை எதிர்த்துக் கேட்க வழியில்லாதது. அவள் கீழே எழுதினாள்: 1797, `raw_kg`, ஆகஸ்ட் 8ஆம் திகதிக்குள் திருத்தம், சிக்னல் இல்லாத மடுவங்களின் பட்டியல். தீவிரம் என்ற இடத்தில் இருந்த 'மைனர்' என்பதை அவளே எடுத்துவிட்டு 'மேஜர்' என்று போட்டாள்.

ஆறரைக்கு மெனேஜரிடமிருந்து பதில் வந்தது. ரிலீஸ் போகட்டும், 8ஆம் திகதி என்பது உறுதி, துண்டில் பத்து கிராம் வித்தியாசம் வரலாம் என்று கணக்கப்பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

"போன்ல சொன்னா காதுல போட்டுக்க மாட்டாங்க," என்றான் திலீப். "வேன் எத்தனைக்கு?"

"அஞ்சரைக்கு. ஏன்?"

"நானும் போறேன். மொத நிறுவைக்கு மடுவத்துல நிக்கணும். 4.35 விழுந்தா நானே கையால எழுதிக் குடுப்பேன்."

"மூணு நிறுவையும் முடிய அஞ்சு மணி ஆயிரும், மழ வேற."

"ஆகட்டும்."

யோகா போனை எடுத்து வேன்காரருக்கு அழைத்தாள். "அண்ணே, நாளைக்கு இன்னொரு ஆளும் வாராரு, முன் சீட்ட விட்டுவைங்க. பில் கொப்பி ஒண்ணும் வாங்கிட்டு வாங்க, கார்பன் தாள் வச்சதா பாத்து."