கடன் விண்ணப்பத்துடன் இணைக்கப்படும் தொழில் உரிமையாளரின் பின்னணி விவரம்

கோயம்புத்தூர் கணபதியில் 2012 முதல் இயந்திர உதிரிபாகங்கள் கடைந்து தரும் பட்டறையை நடத்திவரும் நான், இரண்டாவது சி.என்.சி. டர்னிங் இயந்திரம் வாங்குவதற்காகத் தங்கள் வங்கியில் 20 லட்ச ரூபாய் தவணைக் கடன் கோரி விண்ணப்பித்திருக்கிறேன். என் தொழில் அனுபவத்தையும், இதுவரை வாங்கிய கடன்களை அடைத்த விதத்தையும், இந்தக் கடனை எந்த வருமானத்திலிருந்து அடைக்கப் போகிறேன் என்பதையும் தங்கள் பரிசீலனைக்காகக் கீழே எழுதியிருக்கிறேன்.

அன்னூர் பக்கத்துக் கிராமமொன்றில் விவசாயக் குடும்பத்தில் 1981-ல் பிறந்தேன். கோவை அரசு ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் இரண்டாண்டுப் பயிற்சி முடித்து 1999-ல் சான்றிதழ் பெற்றேன். ஓராண்டு அப்ரண்டிஸாக இருந்தபின், 2000 முதல் 2011 வரை பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தேன். முதல் ஏழு ஆண்டுகள் சாதாரண லேத்தில் நின்றேன். கடைசி நான்கு ஆண்டுகள் சி.என்.சி. பிரிவில் செட்டராக இருந்து, டிராயிங்கைப் பார்த்து புரோகிராம் எழுதுவது, டூல் தேர்வு செய்வது, முதல் பீஸை அளந்து ஒப்புதல் கொடுப்பது ஆகிய பொறுப்புகளைக் கவனித்தேன். ஒரு பாகத்தைக் கடைய எத்தனை நிமிடம் ஆகும், எத்தனை இன்சர்ட் தேயும், எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று கணக்குப் போட்டு விலை சொல்லும் பழக்கம் அங்கேதான் வந்தது. இன்றுவரை மதிப்பீடு இல்லாமல் எந்த ஆர்டரையும் ஒப்புக்கொண்டதில்லை.

சொந்தத் தொழிலை வங்கிக் கடன் இல்லாமலே தொடங்கினேன். சேமிப்பு 2,10,000 ரூபாயும், என் மனைவியின் நகையை அடகு வைத்துப் பெற்ற 1,40,000 ரூபாயும் சேர்த்து, பழைய லேத் இரண்டை வாங்கி வாடகைக் கொட்டகையில் போட்டேன். நகையைப் பதினான்கு மாதங்களில் மீட்டுவிட்டேன். முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் வாடிக்கையாளர் கொடுக்கும் ராடைக் கடைந்து கொடுக்கும் கூலி வேலைதான். 2015-க்குப் பிறகே, பொருளையும் நாங்களே வாங்கி முழுப் பாகமாக முடித்துக் கொடுக்கும் ஆர்டர்கள் வரத் தொடங்கின.

2016 ஜனவரியில், ஒரு பொதுத்துறை வங்கியில் முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் 4,80,000 ரூபாய் கடன் பெற்று மூன்றாவது லேத்தும் ஒரு டிரில்லிங் இயந்திரமும் வாங்கினேன். மாதம் சுமார் 10,450 ரூபாய் வீதம் 60 தவணைகள். அதே ஆண்டு நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தபோது இரண்டு மாதங்களுக்கு ஆர்டர் பாதியாகக் குறைந்தது. ஆனாலும் தவணை எதுவும் தவறவில்லை. 2020 ஊரடங்கில் பட்டறை நாற்பது நாட்கள் மூடிக்கிடந்தது. அப்போது ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணை ஒத்திவைப்பில் முதல் மூன்று மாதங்களை மட்டும் பயன்படுத்திக்கொண்டேன்; ஆகஸ்ட் வரை நீட்டிக்கப்பட்டபோது, வட்டி கூடிக்கொண்டே போவதை விரும்பாமல் ஜூன் முதலே கட்டத் தொடங்கிவிட்டேன். 2021 ஏப்ரலில் அந்தக் கடன் முழுவதும் அடைந்தது. நிலுவையின்மைச் சான்று இணைப்பில் உள்ளது.

அந்தக் கடனில் இரண்டு தவணைகள் தாமதமானதை நானே தெரிவித்துவிடுகிறேன். என் கடன் வரலாற்று அறிக்கையில் தாங்கள் எப்படியும் அதைக் காண்பீர்கள். 2018-ல் ஒரு வாடிக்கையாளர் கொடுத்த 1,36,000 ரூபாய்க் காசோலை பணமின்றித் திரும்பியது. அவரிடம் மொத்த நிலுவை 2,84,000 ரூபாய். அதனால் ஒரு தவணை 19 நாட்களும் அடுத்தது 11 நாட்களும் தாமதமாயின. மூன்றாவது மாதம் முதல் உரிய தேதிக்கே கட்டினேன். அவரிடமிருந்து பின்னர் 1,90,000 ரூபாய் சிறுகச் சிறுக வசூலானது. மீதி 94,000 ரூபாயை நட்டக் கணக்கில் எழுதினேன். தவறு முழுவதும் அவருடையது என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் ஒரே ஆளிடம் அவ்வளவு கடன் நிற்கவிட்டது என் தவறு. அதன்பின் எந்த வாடிக்கையாளரிடமும் விற்றுமுதலில் 35 விழுக்காட்டுக்கு மேல் வேலை எடுப்பதில்லை. 45 நாட்களுக்கு மேல் பணம் நிலுவையில் இருந்தால் அடுத்த லோடை அனுப்புவதில்லை. இன்று ஐந்து வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்: மூன்று பம்ப்செட் தயாரிப்பாளர்கள், ஒரு ஜவுளி இயந்திர உதிரிபாக நிறுவனம், ஒரு வால்வு நிறுவனம். இவர்களில் பெரியவரின் பங்கு 31 விழுக்காடு.

2021 ஆகஸ்டில் தங்கள் வங்கியே 12 லட்ச ரூபாய் கடன் வழங்கியதால் முதல் சி.என்.சி. இயந்திரத்தை வாங்கினேன். மாதம் 25,496 ரூபாய் வீதம் செப்டம்பர் 2021 முதல் 2025 அக்டோபர் வரை 50 தவணைகளும் உரிய தேதியில் கட்டப்பட்டுள்ளன. மீதி 10 தவணைகள்; நிலுவை அசல் சுமார் 2,44,000 ரூபாய். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தபோது எங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்கு நிலைக் கட்டணமே பாரமாகிவிட்டது. அந்த ஆண்டு லாபம் குறைந்ததற்கு அதுவே முதன்மைக் காரணம். தவணையில் அது தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

தரத்தைப் பற்றி ஒரு நிகழ்வை மட்டும் குறிப்பிடுகிறேன். 2022-ல் 25 மி.மீ. விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகு ஷாஃப்ட்கள் 180 கடைந்தோம். பேரிங் அமரும் இடத்தில் அனுமதிக்கப்பட்ட வேறுபாடு 0.021 மி.மீ. மட்டுமே. இரவு ஷிப்டில் புதிய ஆபரேட்டர் இயந்திரத்திலிருந்து எடுத்த சூட்டோடு மைக்ரோமீட்டர் வைத்து அளந்து ‘சரி’ என்று குறித்துவிட்டார். அறை வெப்பத்தைவிட 30 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால், எஃகின் வகையைப் பொறுத்து அந்த விட்டம் ஏறத்தாழ 0.008 முதல் 0.013 மி.மீ. வரை கூடிக் காட்டும், ஆறியதும் 46 ஷாஃப்ட்கள் அளவுக்குக் கீழே போய்விட்டன. வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும் முன்பே நான் சொல்லிவிட்டு, பொருளை மாற்றிக் கொடுத்த செலவு 27,600 ரூபாயை நானே ஏற்றேன். அன்று முதல் கடைந்த பாகங்கள் கிரானைட் மேசையில் ஆறியபின்தான் அளக்கப்படுகின்றன. அளவு ஏட்டில் நேரமும் குறிக்கப்படுகிறது. அந்த வாடிக்கையாளர்தான் இன்று 31 விழுக்காடு வேலை கொடுப்பவர்.

பட்டறையில் இப்போது என்னுடன் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் இருவர் 2013 முதல் இருப்பவர்கள். மூத்த ஆபரேட்டர் நான் இல்லாத நாட்களில் செட்டிங் முழுவதையும் தானே செய்யக்கூடியவர். என் உடல்நலம் குறித்த கவலை தங்களுக்கு எழலாம் என்பதால் இதைச் சொல்கிறேன். என் பெயரில் 30 லட்ச ரூபாய்க்கு ஆயுள் காப்பீடும் இருக்கிறது. என் மனைவி கணக்கு, ஜி.எஸ்.டி., வசூல் ஆகியவற்றைக் கவனிக்கிறார். 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. பதிவும், 2020 அக்டோபர் முதல் உதயம் பதிவும் உள்ளன. இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒருமுறைதான் ஜி.எஸ்.டி. தாமதக் கட்டணம் செலுத்தியிருக்கிறோம்.

தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளின்படி விற்றுமுதல் 2022-23-ல் 41.6 லட்சம், 2023-24-ல் 48.9 லட்சம், 2024-25-ல் 57.3 லட்ச ரூபாய். நிகர லாபம் முறையே 5.1, 6.4, 7.9 லட்ச ரூபாய். பம்ப்செட் வேலை ஜனவரி முதல் மே வரை மிகுதியாகவும், மழைக்காலத்தில் மந்தமாகவும் இருக்கும். ஜவுளி இயந்திரப் பாகங்களை எடுத்த காரணமே அந்த மந்தத்தை நிரப்புவதுதான். இப்போது மிக மோசமான மாதத்தின் விற்றுமுதலும் சராசரியில் 70 விழுக்காட்டுக்குக் கீழே போவதில்லை.

இரண்டாவது இயந்திரம் தேவைப்படுவது ஆர்டர் வரும் என்ற நம்பிக்கையால் அல்ல. இருக்கும் இயந்திரம் இரண்டு ஷிப்டும் ஓடியும், 2024-25-ல் 6.8 லட்ச ரூபாய் மதிப்புள்ள வேலையை வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. மணிக்கு 350 ரூபாய் வீதம் அது ஏறத்தாழ 1,940 மணி நேரம். எங்களிடமே செய்தால் ஆபரேட்டர், மின்சாரம், டூல் செலவு மணிக்கு 190 ரூபாய் ஆகும். ஆகவே புதிய ஆர்டர் ஒன்றுகூட வராவிட்டாலும் ஆண்டுக்கு 3.1 லட்ச ரூபாய் மிச்சமாகும். வெளியே கொடுத்த பில்கள் மாதவாரியாக இணைக்கப்பட்டுள்ளன.

இயந்திரத்தின் விலை ஜி.எஸ்.டி. சேர்த்து 24,78,000 ரூபாய். அடித்தளம், ஸ்டெபிலைசர், கம்ப்ரஸர், அளவுக் கருவிகளுக்கு 1,72,000 ரூபாய். ஆக மொத்தம் 26,50,000 ரூபாய். இதில் 6,50,000 ரூபாய் என் பங்கு. அது என் கணக்கில் இருப்பதற்கான வங்கி அறிக்கை உள்ளது. முதல் மூன்று மாதங்கள் வட்டி மட்டும் கட்டி, 2026 ஏப்ரல் முதல் 72 தவணைகளில் அடைக்க அனுமதி கோருகிறேன். 10 விழுக்காடு வட்டியில் தவணை சுமார் 37,050 ரூபாய், ஆண்டுக்கு 4.45 லட்சம்.

2024-25 கணக்கில் லாபம் 7.9 லட்சம், தேய்மானம் 2.1 லட்சம், கடன் வட்டி 0.54 லட்சம் ஆகியவற்றைக் கூட்டி, மாதம் 33,000 ரூபாய் வீதம் குடும்பச் செலவைக் கழித்தால், தவணைக்கு ஆண்டுக்கு 6.58 லட்ச ரூபாய் மிஞ்சுகிறது. அதாவது மாதம் சுமார் 54,800 ரூபாய். பழைய கடன் 2026 ஆகஸ்டில் முடியும்வரை, ஐந்து மாதங்களுக்கு இரு தவணைகளும் சேர்ந்து 62,546 ரூபாய் ஆகும். பழைய வருமானத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மாதம் 7,750 ரூபாய், மொத்தம் சுமார் 39,000 ரூபாய் குறையும். இந்த இடைவெளிக்கென்று தங்கள் கிளையிலேயே 1,50,000 ரூபாய் நிரந்தர வைப்பாக வைத்திருக்கிறேன். 2026 செப்டம்பர் வரை வேறு எதற்காகவும் அதைத் தொடப் போவதில்லை. செப்டம்பருக்குப் பின் புதிய இயந்திரத்தின் வருமானத்தைக் கணக்கில் சேர்க்காமலே, தவணையைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பணம் கையில் இருக்கும்.

வாங்கப்படும் இயந்திரத்தைத் தங்கள் வங்கிக்கு ஹைப்பாதிகேஷன் செய்து தருகிறேன், சி.ஜி.டி.எம்.எஸ்.இ. உத்தரவாதத் திட்டத்தின்கீழ் இந்தக் கடனைப் பரிசீலிக்கவும் வேண்டுகிறேன். என் சிபில் மதிப்பெண் 768. வாடிக்கையாளர்கள் ஐவரின் தொடர்பு விவரங்களையும் தனிப் பட்டியலாகக் கொடுத்திருக்கிறேன். அவர்களிடம் நேரடியாக விசாரிக்கவும், முன்னறிவிப்பின்றிப் பட்டறைக்கு வந்து பார்வையிடவும் தங்கள் அலுவலர்களுக்கு என் சம்மதம் உண்டு. ஞாயிறு தவிர எல்லா நாட்களிலும் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பட்டறை இயங்கும்.